அறைக் கண்காணிப்பாளருக்கு யார் சொல்லித் தருவது?

எங்கள் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், பொதுத்தேர்வுப் பணியை நடத்தித் தரும் மாவட்ட, வட்டார அளவிலான அலுவலர்கள் அனைவருக்கும்,

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்குவதற்கு முந்தைய வாரம் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை, முதன்மைக் கண்காணிப்பாளர்களுக்கும் துறை அலுவலர்களுக்கும் மட்டும் ஆயத்தக் கூட்டம் நடத்தப்படும் என்றும், அறைக் கண்காணிப்பாளர்களுக்குத் தனிக் கூட்டம் தேவையில்லை, தேர்வு நாள் காலையில் மையத்திலேயே அறிவுரை வழங்கினால் போதும் என்றும் தெரிவித்தது. அந்த முடிவை எதிர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர். பல ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புத் தேர்விலும் மேல்நிலைத் தேர்விலும் அறைக் கண்காணிப்புப் பணி பார்த்து வருகிறேன். இதை எங்கள் தலைமையாசிரியர் வழியாகக் கடிதமாகவும் அனுப்பினேன், பதில் வரவில்லை. அடுத்த தேர்வுக்கும் இதே நடைமுறை தொடரும் என்று பேச்சு அடிபடுவதால் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

பணியாணை எங்களுக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். தேர்வுக்கு முந்தைய நாள் இரவு, வட்டார வாட்ஸ்அப் குழுவில், பல பக்கங்கள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. அதில் ஆசிரியர் பெயர், பணிபுரியும் பள்ளி, ஒதுக்கப்பட்ட தேர்வு மையம் ஆகிய மூன்று மட்டும் இருந்தன. அடிக்குறிப்பாக, காலை 9 மணிக்கு மையத்தில் இருக்க வேண்டும், கைப்பேசிக்கு அனுமதி இல்லை என்று இரண்டு வரிகள். எல்லாத் தேர்வு நாட்களுக்கும் அதே மையமா, ஒவ்வொரு நாளும் வர வேண்டுமா, தாம் கற்பிக்கும் பாடத்தின் தேர்வு நாளில் என்ன செய்வது, எதைக் கையில் கொண்டுவர வேண்டும், மையத்தில் யாரிடம் வருகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பவற்றில் ஒன்றுக்கும் அதில் விடை இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கேட்கத் தெரியாதவர்கள் கேட்காமலேயே காலையில் வந்து நின்றார்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பட்டதாரி ஆசிரியர்கள் போதாமல் போகும்போது, தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் பணிபுரியும் இடைநிலை ஆசிரியர்களையும் அறைப் பணிக்கு அழைக்கிறீர்கள். அழைப்பதில் தவறில்லை. ஆனால் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற ஒருவர், புகைப்படமும் பட்டைக் குறியீடும் அச்சிட்ட முகப்புத்தாளை அன்று காலையில்தான் முதன்முதலாகக் கையில் எடுக்கிறார். அவருக்கு அது என்ன என்று விளக்க, அந்தக் காலைப் பொழுதில் ஒருவருக்கும் நேரம் இருப்பதில்லை.

நேரம் இருப்பதில்லை என்று பொதுவாகச் சொல்லாமல் கணக்காகவே வைக்கிறேன். ஓர் அறைக்கு 20 தேர்வர்கள் என்பது விதி. நான் பணி பார்த்த மையத்தில் ஏறத்தாழ 380 தேர்வர்கள் என்பதால் 19 அறைகள். அறைக் கண்காணிப்பாளர்கள் எல்லோரும் வந்து சேர்ந்ததும் குலுக்கல் முறையில் அறை ஒதுக்கப்படுகிறது. பிறகு ஒவ்வொருவரும் முதன்மைக் கண்காணிப்பாளரின் மேசைக்குச் சென்று, தம் அறைக்குரிய விடைத்தாள் கட்டை எண்ணிப் பார்த்து, வருகைப் பதிவுத்தாளையும் இருக்கை வரைபடத்தையும் பெற்று, பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். எண்ணாமல் வாங்கினால் ஒழிய, ஒருவருக்கு இரண்டு நிமிடங்களுக்குக் குறையாது. ஒரே மேசையில் 19 பேர் என்றால் 38 நிமிடங்கள். எங்கள் மையத்தில் குலுக்கல் முடிந்தபோது மணி 9.25. அப்படியானால் கடைசி ஆசிரியர் கட்டைப் பெறும்போது 10 மணிக்கு மேல் ஆகிவிடும். ஆனால் 10 மணிக்கு வினாத்தாள் மாணவர் கையில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் மாணவர்களை உள்ளே விட்டு, நுழைவுச்சீட்டைப் பார்த்து, பதிவெண் வரிசையில் அமர வைத்து, மேசைகளைச் சோதித்து, வினாத்தாள் உறையின் முத்திரை பிரியாமல் இருப்பதைக் காட்டி, இரண்டு தேர்வர்களிடம் கையொப்பம் பெற்று உறையைப் பிரிக்க வேண்டும். இதெல்லாம் கால் மணி நேர வேலை.

ஆகவே நடைமுறையில் என்ன நடந்தது? வரிசை நீண்டதும் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். கட்டு கைமாறியது, கையொப்பம் விழுந்தது, ஆசிரியர்கள் மாடிப்படி ஏறி ஓடினார்கள். காலையில் மையத்திலேயே அறிவுரை வழங்கப்படும் என்று தங்கள் சுற்றறிக்கை சொன்ன அந்த அறிவுரை, வரிசையில் நின்றவர்களைப் பார்த்துத் துறை அலுவலர் உரக்கச் சொன்ன நான்கைந்து சொற்றொடர்களாக முடிந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கட்டுக்காப்பு மையத்திலிருந்து வந்த வினாத்தாள் கட்டுகளைச் சரிபார்ப்பதா, எங்களுக்குப் பாடம் எடுப்பதா என்றால் அவர் முதலாவதைத்தான் செய்ய வேண்டும்.

வர வேண்டிய நேரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 9 மணி என்று ஆணையில் எழுதியவர்கள், 9 மணிக்கு என்ன தொடங்கும் என்று எழுதவில்லை. சிலர் அதை வளாகத்துக்குள் நுழைய வேண்டிய நேரம் என்று கொண்டார்கள். சிலர், மாணவர்கள் வருவதற்குள் வந்தால் போதும் என்று நினைத்தார்கள். பணியாணை இரவில் கிடைத்ததால், பேருந்து நேரம் தெரியாத ஊருக்குப் புறப்பட்ட இரண்டு ஆசிரியைகள் 9.20-க்குத்தான் வந்து சேர முடிந்தது. அவர்கள் ஊரிலிருந்து அந்த மையத்துக்கு வரும் பேருந்துகளுக்கு இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. அவர்களுக்காகவே குலுக்கல் காத்திருந்தது. மூன்று நாட்களுக்கு முன்பே ஆணை கிடைத்திருந்தால் அவர்கள் முந்தைய பேருந்தைப் பிடித்திருப்பார்கள் அல்லது வேறு ஏற்பாடு செய்திருப்பார்கள்.

இனி அறை ஒதுக்கீடு. குலுக்கலை நான் எதிர்க்கவில்லை. எந்த அறைக்கு எந்த ஆசிரியர் என்பது அன்று காலை வரை யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் தேர்வின் நேர்மைக்குக் காவல். முதல் நாளே அறையைச் சொல்லுங்கள் என்று கேட்கும் சக ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் குலுக்கலுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய சில வேலைகளைக் குலுக்கலுக்குப் பிறகு செய்ததுதான் குழப்பத்தைக் கூட்டியது. அன்றைய பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் அறைக்குள் இருக்கக் கூடாது. தம் பிள்ளை அதே மையத்தில் தேர்வெழுதினால் அந்த ஆசிரியருக்கு அங்கே பணி தரக் கூடாது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனாலும் பட்டியலில் ஆசிரியரின் பாடம் குறிக்கப்படாததால், கணிதத் தேர்வன்று சீட்டு எடுத்த பிறகுதான் அவர்களில் இருவர் கணித ஆசிரியர்கள் என்பது தெரிந்தது. அவர்களை விலக்கி, மாற்றுப் பணிக்கு வைத்திருந்தவர்களில் இருவரை அறைக்கு அனுப்பி, பதிவேட்டில் அடித்துத் திருத்திக் கையொப்பம் வாங்குவதற்குள் எட்டு நிமிடங்கள் போயின. முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓர் ஆசிரியருக்கு இரண்டாம் மாடி விழுந்தது. அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் தரைத்தள அறைக்காரரோடு மாற்றிக்கொள்ள அனுமதித்தார்கள். மனிதாபிமானம்தான்; ஆனால் சீட்டு எடுத்த பிறகு இருவர் தமக்குள் அறையை மாற்றிக்கொள்ளலாம் என்றால் குலுக்கலுக்குப் பொருள் என்ன? படியேற இயலாதவர்களின் பெயர்களை முன்னதாகவே கேட்டறிந்து, தரைத்தள அறைகளுக்கென்று தனிக் குலுக்கல் நடத்தியிருந்தால் மனிதாபிமானமும் காக்கப்பட்டிருக்கும், விதியும் காக்கப்பட்டிருக்கும்.

அதே கணிதத் தேர்வு நாளில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். நான் அன்று மாற்றுக் கண்காணிப்பாளராக முதல் மாடித் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன்.

நம் தேர்வில் 10 மணிக்கு வினாத்தாள் தரப்படுகிறது. 10.10 வரை மாணவர்கள் அதைப் படிக்கலாம். 10.10-க்கு விடைத்தாள் தரப்படுகிறது. முகப்புத்தாளில் உள்ள விவரங்களைச் சரிபார்த்துக் கையொப்பமிட ஐந்து நிமிடங்கள். 10.15-க்கு எழுதத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு தேர்வரின் பெயர், பதிவெண், புகைப்படம் ஆகியவை அச்சிட்ட முகப்புத்தாள் விடைத்தாளோடு முன்பே வைத்துத் தைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே விடைத்தாள் என்பது இப்போது பெயர் எழுதாத வெற்றுத்தாள் இல்லை. அது ஒரு குறிப்பிட்ட மாணவருக்கு மட்டுமே உரியது. பழைய தேர்வு முறையில் பணி பார்த்தவர்களுக்கும், இப்பணிக்குப் புதியவர்களுக்கும் இந்த வேறுபாடு தானாகத் தோன்றாது.

அந்த அறையில் ஆறாவது இருக்கைக்குரிய மாணவர் வரவில்லை. கட்டு பதிவெண் வரிசையில் அடுக்கப்பட்டிருந்தது. அறைக் கண்காணிப்பாளராக இருந்த ஆசிரியை முதன்முறையாக இப்பணிக்கு வந்தவர். முதல் ஐந்து பேருக்குச் சரியாகக் கொடுத்தார். ஆறாவது இருக்கை காலி என்பதால் ஏழாவது மாணவரிடம் சென்று, கட்டின் மேலே இருந்த விடைத்தாளைக் கொடுத்தார். அது வராத ஆறாவது மாணவருடையது. எட்டாமவருக்கு ஏழாமவருடையது, ஒன்பதாமவருக்கு எட்டாமவருடையது என்று இருபதாவது மாணவர் வரை ஒவ்வொன்றாக நகர்ந்தது. ஏழிலிருந்து இருபது வரை 14 மாணவர்களின் கையில் அடுத்தவருடைய விடைத்தாள் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எண்ணிக்கை முழுவதும் சரியாக இருந்தது. வந்தவர்கள் 19, கொடுத்தது 19, மிச்சம் ஒன்று. மிஞ்சிய ஒன்று வராதவருடையது என்று அந்த ஆசிரியை எடுத்துக்கொண்டார்; எவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். எண்ணிப் பார்ப்பதை மட்டும் சோதனையாகக் கொண்டால் இந்தத் தவறு பிடிபடவே பிடிபடாது. கையில் மிஞ்சிய விடைத்தாளில் யாருடைய புகைப்படம் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்திருந்தால் போதும்; அது இருபதாவது இருக்கையில் உட்கார்ந்திருந்த மாணவியின் முகம். ஐந்தே நொடிகளில் முடிகிற அந்தச் சோதனையை அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

தவறைக் கண்டுபிடித்தது ஒரு மாணவி. முகப்புத்தாளில் இருப்பது தன் படம் இல்லை என்று 10.13 அளவில் எழுந்து சொன்னாள். அவளுக்கு முன்னால் இருந்த சிலர் படத்தைப் பார்க்காமலேயே, ஐந்து நிமிடம் முடிந்துவிடுமே என்ற பதற்றத்தில் கையொப்பமிடத் தொடங்கியிருந்தார்கள். என்னை உள்ளே அழைத்தார்கள். நாங்கள் இருவரும் விடைத்தாள்களைத் திரும்பப் பெற்று, நுழைவுச்சீட்டோடு ஒப்பிட்டு, உரியவர்களிடம் கொடுத்து முடித்தபோது மணி 10.24. இருவர் அடுத்தவருடைய முகப்புத்தாளில் கையொப்பமிட்டிருந்ததால், முதன்மைக் கண்காணிப்பாளர் வந்து, அவர்களிடமும் அறைக் கண்காணிப்பாளரிடமும் எழுத்து மூலம் விளக்கம் பெற்று, அறிக்கை தயாரித்தார். கணிதத் தேர்வின் முதல் பத்து நிமிடங்களில் அந்த 14 பிள்ளைகளின் முகத்தில் இருந்த கலவரத்தை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. அந்த மாணவி எழுந்து சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். பட்டைக் குறியீட்டை வைத்து மதிப்பெண் ஏற்றப்படும் முறையில், திருத்துகிற ஆசிரியருக்கு மாணவர் யார் என்றே தெரியாது. ஏழாவது மாணவரின் உழைப்பு தேர்வுக்கே வராத ஒருவரின் கணக்கில் சேர்ந்திருக்கும். இருபதாவது மாணவி தேர்வுக்கு வரவில்லை என்று பதிவாகியிருப்பாள்.

இதைத் தவிர்க்கும் வழி எளியது. அனுபவமுள்ளவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். 10 மணிக்கு வினாத்தாளைக் கொடுத்து முடித்ததும், மாணவர்கள் படிக்கிற அந்தப் பத்து நிமிடங்களில், காலியாக உள்ள இருக்கைக்குரிய விடைத்தாளைக் கட்டிலிருந்து உருவி மேசையின் ஓரத்தில் தனியே வைத்துவிட வேண்டும். தாமதமாக வரும் மாணவர் அனுமதிக்கப்பட்டால் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கலாம். மற்றவற்றை இருக்கை வரிசைக்கு ஏற்ப அடுக்கிக்கொள்ள வேண்டும். சில அறைகளில் இருக்கைகள் ஒரு வரிசையில் மேலிருந்து கீழும் அடுத்த வரிசையில் கீழிருந்து மேலுமாகச் செல்லும், கட்டு அப்படி அடுக்கப்பட்டிருக்காது. 10.10-க்குப் பிறகு ஒரு மாணவருக்கு 15 நொடிகள்தான் கிடைக்கும். அந்த 15 நொடிகளில் தேடிக்கொண்டிருக்க முடியாது. முகத்தையும் படத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடுக்க மட்டுமே முடியும். மாணவர் கையொப்பமிடும் முன் படமும் பதிவெண்ணும் தம்முடையவைதாமா என்று பார்க்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஒவ்வோர் ஆண்டும் விரிவான அறிவுரைகளை மையங்களுக்கு அனுப்புகிறது. அவை முதன்மைக் கண்காணிப்பாளரின் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன; அறைக்குள் நிற்பவரிடம் வந்து சேரவில்லை.

என்ன கொண்டுவர வேண்டும் என்பதையும் சிறிய விஷயமென்று தள்ளிவிட வேண்டாம். ஆணையில் கைப்பேசிக்குத் தடை என்று இருந்தது, சரியான தடைதான். ஆனால் இன்று இளம் ஆசிரியர்களில் பலர் கைக்கடிகாரம் கட்டுவதில்லை, கைப்பேசியில்தான் மணி பார்க்கிறார்கள். வகுப்பறைகளில் சுவர்க்கடிகாரமும் இல்லை. 10.00, 10.10, 10.15 என்று நிமிடக் கணக்கில் நடக்கும் ஒரு தேர்வை மணி பார்க்க வழியில்லாத ஒருவர் நடத்துகிறார். பள்ளி மணி அடிக்கும், அதைக் கேட்டுச் செய்யலாம் என்று சொல்வார்கள். எங்கள் மையத்தில் மைதானத்துக்கு அப்பால் உள்ள கட்டடத்துக்கு மணியோசை தெளிவாக வரவில்லை. அங்கே இருந்த ஆசிரியர் ஒருவர், அரைமணி நேரம்தான் மீதியிருக்கிறது என்று மாணவர்களை எச்சரிக்க வேண்டிய நேரத்தை மாணவர் ஒருவரின் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். முள் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வாருங்கள், திரையுள்ள திறன்கடிகாரம் வேண்டாம் என்று ஆணையில் ஒரு வரி இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படுகிறவர்கள் அதை மறக்காமல் கொண்டுவர வேண்டும். முகப்புத்தாளில் உள்ள சிறிய படத்தையும் எண்ணையும் ஒப்பிடுவதுதான் முதல் வேலை. நீல அல்லது கறுப்பு மைப் பேனா இரண்டு, புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை, பணியாணையின் நகல், தலைமையாசிரியர் தந்த பணிவிடுவிப்புக் கடிதம், தண்ணீர், நீரிழிவு உள்ளவர்களுக்கு மாத்திரையும் ஒரு வாய் உணவும். மதியம் 1.15 வரை அறையை விட்டு நகர முடியாது. தாள்களை எண்ணி ஒப்படைத்துக் கிளம்பும்போது 2 மணியாகிறது. பணிவிடுவிப்புக் கடிதம் தேவை என்று ஆணையில் இல்லாததால் எங்கள் மையத்தில் மூவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அவர்களின் தலைமையாசிரியர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிய பிறகே சேர்த்துக்கொண்டார்கள்.

கொண்டுவரக் கூடாத கைப்பேசியை எங்கே வைப்பது என்றும் யாரும் சொல்லவில்லை. இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்து வருகிற ஓர் ஆசிரியை கைப்பேசி இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார், கிளம்பவும் வேண்டியதில்லை. மையத்தில் எல்லாருடைய கைப்பேசிகளும் ஓர் அட்டைப் பெட்டியில், பெயர்ச்சீட்டு இல்லாமல் போடப்பட்டன. மதியம் அதைச் சுற்றி நடந்த தேடலை நான் விவரிக்கவில்லை. உறையில் பெயரெழுதிப் பூட்டிய அலமாரியில் வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

தேர்வு முடியும் நேரத்தில் கவனிக்க வேண்டிய ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் வரைபட வினாவுக்கு 8 மதிப்பெண். அந்த வரைபடத் தாளை விடைத்தாளோடு நூலால் கட்ட வேண்டும். கடைசி மணி அடித்த பிறகு கட்டத் தொடங்கினால் பாதிப் பேர் முடிச்சுப் போடாமலேயே கொடுத்துவிடுவார்கள். ஒரு மணிக்கே நூலைக் கொடுத்து, 1.10-க்குள் கட்டச் சொல்லி, தாளை வாங்கும்போது முடிச்சை இழுத்துப் பார்ப்பது அறைக் கண்காணிப்பாளரின் வேலை. சமூக அறிவியலில் நிலப்படத்துக்கும் இதுவே பொருந்தும். எங்கள் மையத்தில் கணிதத் தேர்வு முடிந்து கட்டுகள் ஒப்படைக்கப்பட்டபோது ஓர் அறையின் கட்டிலிருந்து தனியாக ஒரு வரைபடத் தாள் கீழே விழுந்தது. அது யாருடையது என்று கண்டறிய 20 விடைத்தாள்களையும் புரட்ட வேண்டியிருந்தது. கண்டறிந்தோம். கட்டு மூடி முத்திரையிட்ட பிறகு நழுவியிருந்தால் ஒரு பிள்ளைக்கு 8 மதிப்பெண் போயிருக்கும்.

நான் மேலே சொன்ன அறையின் ஆசிரியைக்கு மறு வாரமே விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. இன்னும் மேல் நடவடிக்கை இல்லை என்றாலும், ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி 17(அ) வருமா 17(ஆ) வருமா என்ற அச்சத்தில்தான் அவர் இருக்கிறார். தவறு அவர் கையால் நடந்தது என்பதை அவரே மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறிப்பாணையில், விடைத்தாள் வழங்கும் முறை குறித்துத் தங்களுக்கு அளிக்கப்பட்ட அறிவுரையை மீறிய வகையில் என்றொரு தொடர் இருக்கிறது. எந்த அறிவுரை, எந்த நாளில், யாரால், எங்கே அளிக்கப்பட்டது என்று அவர் கேட்டால் தங்கள் அலுவலகம் எதைக் காட்டும்? ஆயத்தக் கூட்டம் தேவையில்லை என்று முடிவெடுத்த அதே அலுவலகம், ஆயத்தம் இல்லாததால் நேர்ந்த பிழைக்கு ஆசிரியரை மட்டும் பொறுப்பாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாவட்டம் முழுவதும் இத்தனை ஆயிரம் பேரைக் கூட்டி வைத்துப் பேச முடியாது என்று தாங்கள் சொல்லலாம். ஓரிடத்தில் கூட்ட வேண்டியதில்லை. மையத்துக்கு மையம், தேர்வுக்கு முந்தைய வேலை நாளின் பிற்பகலில், அந்த மையத்துக்கு ஒதுக்கப்பட்டவர்களை மட்டும் முதன்மைக் கண்காணிப்பாளர் அழைத்துப் பேச அரைமணி நேரம் போதும். முன்கூட்டியே மையம் தெரிந்துவிட்டால் இரகசியம் கெடும் என்று ஒரு மூத்த அலுவலர் என்னிடமே சொன்னார். மையம் தெரிவதால் கெடுவது ஒன்றுமில்லை. அறைதான் தெரியக் கூடாது, அது குலுக்கலில் பாதுகாப்பாக இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடுவது எந்த இரகசியத்தைக் காத்தது என்றும் எனக்குப் புரியவில்லை. உழைப்பூதியம் பற்றி நான் இங்கே பேசவில்லை. அது வேறு கதை, வேறு மடல்.

இவற்றை முன்வைத்து, தங்களிடம் நான் கேட்பவை பின்வருமாறு.

அறைக் கண்காணிப்பாளருக்கான பணியாணை, தேர்வு தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன்பு, பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத் தனித்தனியே வழங்கப்பட வேண்டும். அதில் மையத்தின் பெயரும் முகவரியும், பணி நாட்களும், ஆசிரியரின் பாடமும், விலக்கு அளிக்கப்படும் தேர்வு நாளும் இருக்க வேண்டும். வர வேண்டிய நேரத்தை 8.30 என்று வரையறுத்து, 8.45-க்குக் குலுக்கல், 9 மணி முதல் விடைத்தாள் கட்டு வழங்குதல், 9.40-க்குள் அறையில் இருத்தல் என்று ஒவ்வொரு கட்டத்தையும் எழுத வேண்டும். பத்து அறைகளுக்கு மேல் உள்ள மையங்களில் கட்டு வழங்க இரண்டு மேசைகள் போடும்படி உத்தரவிட வேண்டும். 19 பேருக்கு 38 நிமிடங்கள் என்பது பாதியாகக் குறைந்து, நின்று எண்ணிப் பார்க்க நேரம் கிடைக்கும்.

பாட ஆசிரியர்கள், பிள்ளை தேர்வெழுதுபவர்கள், படியேற இயலாதவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோரின் விவரத்தை ஆணை வழங்கும்போதே கேட்டுப் பெற்று, குலுக்கலுக்கு முன்பே பட்டியலைச் சரிசெய்ய வேண்டும். சீட்டு எடுத்த பிறகு அறை மாற்றம் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கப்படக் கூடாது.

ஒவ்வொரு மையத்திலும் தேர்வுக்கு முந்தைய வேலை நாளில் அரைமணி நேர ஆயத்தக் கூட்டம் கட்டாயமாக்கப்பட வேண்டும். அதில் மாதிரி முகப்புத்தாளுடன் கூடிய ஒரு விடைத்தாளையும், மாதிரி வருகைப் பதிவுத்தாளையும் ஆசிரியர்கள் கையில் கொடுத்து, ஒரு மாணவர் வராத அறையில் 10 மணி முதல் 10.15 வரை என்ன செய்ய வேண்டும் என்று செய்து காட்ட வேண்டும். வந்தவர்களிடம் கையொப்பம் பெற்று வைக்க வேண்டும். பின்னால் குறிப்பாணை எழுதும் தேவை வந்தால் அந்தக் கையொப்பத்தை மேற்கோள் காட்டுங்கள். அதுவரை, அளிக்கப்படாத அறிவுரையை மீறியதாகக் கூறும் அந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும்.

கொண்டுவர வேண்டியவை, கொண்டுவரக் கூடாதவை, கைப்பேசியை ஒப்படைக்கும் இடம், ஒப்படைத்ததற்கான சீட்டு ஆகியவற்றை ஆணையின் பின்பக்கத்திலேயே அச்சிட வேண்டும். மணியோசை எட்டாத கட்டடங்களில் உள்ள அறைகளுக்குச் சுவர்க்கடிகாரம் வைக்க மையத் தலைமையாசிரியர்களுக்கு அனுமதியும் அதற்கான சிறு தொகையும் அளிக்க வேண்டும்.

பொதுத்தேர்வு முடிவுகளுக்குப் பின் துணைத் தேர்வு வரவிருக்கிறது. மையங்கள் குறைவு, தேர்வர்களும் குறைவு. இந்த நடைமுறையைச் செய்து பார்க்க அதைவிட வசதியான வாய்ப்பு அமையாது. அதற்கான பணியாணைகள் தயாராகும் முன்பே இக்கோரிக்கைகள் மீது தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வட்டாரத்தில் ஆயத்தக் கூட்டத்தை நடத்த அனுபவமுள்ள ஆசிரியர்கள் தேவைப்பட்டால், நானும் என்னோடு பணி பார்த்த சிலரும் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்